ஆறு பேருக்கு ஒரு டேப்லெட் போதும்!



எங்கள் கடமலைக்குண்டில், மாலையில் சில பிள்ளைகள் கூடி காகித பொம்மைகளை வைத்துக் குட்டிப்படம் எடுக்கிறார்கள். ஆறு பேருக்கு ஒரே டேப்லெட். "ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லா இருக்கும் சார்" என்றான் ஒருவன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவர்கள் எடுத்த கதை இதுதான். கோடையில் வறண்ட மூல வைகை மணலில் ஓர் ஆடு நடந்து வந்து, ஊற்றுக்குழியில் தண்ணீர் குடிக்கிறது. ஆட்டைப் பழைய காலண்டர் அட்டையில் வெட்டினார்கள். உடல், தலை, நான்கு கால்கள் எல்லாம் தனித்தனி. ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, இரு பக்கமும் முடிச்சுப் போட்டதும் கால்கள் அசைந்தன. இரண்டு ஸ்டூல்களின் மேல் பலகை வைத்து, கேமரா இருக்கும் மூலை மட்டும் வெளியே நீட்டும்படி டேப்லெட்டைக் கவிழ்த்து, மேலே புத்தகங்களை அடுக்கினார்கள். கீழே தரையில் மணல் நிறத் தாள்.

ஒரு நொடிக்கு 10 படம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆடு 30 செ.மீ. தூரத்தை 5 நொடியில் கடக்க வேண்டும். அதற்கு 50 படம். அப்படியானால் ஒவ்வொரு படத்துக்கும் 6 மி.மீ. நகர்த்த வேண்டும், இல்லையா?

முதல் நாள் எடுத்ததில் ஆடு நடக்கவில்லை, சறுக்கியது! தரையில் ஊன்றிய கால் அதே இடத்தில் நிற்க, உடல் மட்டும் முன்னே போக வேண்டும். பிறகுதான் அடுத்த கால் எழ வேண்டும். இவர்கள் ஆட்டை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். படம் விட்டுவிட்டு மினுக்கவும் செய்தது. வெள்ளைச் சட்டை போட்டவன் குனியும்போதெல்லாம் தாளில் வெளிச்சம் கூடியது. ஜன்னலை மூடி, ஒரே பல்பின் கீழ், கேமரா தானாக வெளிச்சத்தை மாற்றாதபடி பூட்டிவிட்டு எடுத்ததும் அது சரியானது. மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருந்தது. பாவம், வேர்த்துக் கொட்டியது!

இதில் ஒருவர் ஆட்டை நகர்த்துகிறார். இன்னொருவர் ஸ்கேலால் 6 மி.மீ. அளக்கிறார். மூன்றாமவர் "கை எடு!" என்று சொல்லி எண்ணுகிறார். நான்காமவர் மட்டுமே பட்டனைத் தொடுகிறார். மற்ற இருவர் அடுத்த காட்சிக்கு வெட்டுகிறார்கள். நகர்த்துபவரே பட்டனையும் அழுத்தினால், டேப்லெட் அசைந்து மொத்தக் காட்சியும் ஒரு குதி குதிக்கும்.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற அம்மையார் கறுப்பு அட்டை உருவங்களை வெட்டி, 1923 முதல் 1926 வரை உழைத்து, இளவரசர் அக்மத் கதையை முழுநீளப் படமாக எடுத்தார். உருவங்கள் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் கிடந்தன. கேமரா மேலே இருந்தது. அதைக் கவனித்தவர் அவருடைய கணவர் கார்ல் கோக். அங்கும் நகர்த்தும் கை வேறு, படம் பிடிக்கும் கை வேறு!

ஆடு தண்ணீர் குடித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். பக்கவாட்டில் வெட்டிய அட்டை திரும்பாது. நேர்முகமாக இன்னொரு தலை வெட்ட வேண்டும். அதை வெட்டி முடிப்பதற்குள் டேப்லெட்டுக்கும் சார்ஜ் ஏறிவிடும்.