ட்ரில் ஏன் மேல் சுரத்தில் தொடங்குகிறது?

பாக் போன்ற பாரோக் இசையமைப்பாளர்களின் கீபோர்டு இசைத்தாளைப் பார்த்திருக்கிறீர்களா? சில சுரங்களின் தலைக்கு மேல் புழு நெளிவதுபோல ஒரு குட்டிக் கோடு இருக்கும். அதுதான் ட்ரில். எழுதிய சுரத்தையும் அதற்கு அடுத்த மேல் சுரத்தையும் மாற்றி மாற்றி வேகமாக வாசிக்க வேண்டும். எதில் தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

1720-ல் ஜோஹான் செபாஸ்டியன் பாக், ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமானுக்காக ஒரு பயிற்சி நோட்டு தொடங்கினார். அதில் இந்தக் குறிகளை எப்படி வாசிப்பது என்று ஓர் அட்டவணை எழுதியிருக்கிறார். அங்கே ட்ரில் மேல் சுரத்தில்தான் தொடங்குகிறது.

காரணம் இசைக்கருவியிலேயே இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல வேறு வழி தேவை. அந்த வழிதான் உரசல்.

ஓர் உதாரணம். சி மேஜரில் ஒரு பாட்டு முடியப்போகிறது. இடது கை ஜி-யில் நிற்கிறது. வலது கையில் பி, அதன் மேல் ட்ரில் குறி. அடுத்து சி வந்தால் பாட்டு முடிந்தது. இங்கே பி-யில் தொடங்கினால், அது ஜி-யோடு ஏற்கெனவே பொருந்திப்போவதால் காதுக்கு வெறும் அதிர்வுதான் கேட்கும். மேலே உள்ள சி-யில் தொடங்கினால், அது ஜி-க்கு மேல் ஒட்டாமல் உரசும். பி-க்கு இறங்கத் துடிக்கும். சி-பி-சி-பி என்று ஓடி, கடைசியில் ஏ-பி என்று கீழே தொட்டுத் திரும்பி, சி-யில் முடியும்போது ஒரு நிம்மதி.

டர்ன் என்பதும் இப்படித்தான். சி-யின் மேல் அந்தக் குறி இருந்தால் டி-சி-பி-சி. மார்டென்ட் மட்டும் வேறு. நெளிகோட்டைக் குறுக்கே ஒரு கோடு வெட்டியிருந்தால் அது மார்டென்ட். சி-பி-சி என்று கீழே ஒரு கடி கடித்துத் திரும்பும். அதற்கு மேல் சுரமே கிடையாது.

வழக்கமாக நடக்கும் தவறு, மேல் சுரத்தைத் தாளத்துக்கு முன்பே அவசரமாகத் தட்டிவிடுவது. அப்போது தாளத்தில் விழுவது பி. உரசல் காணாமல் போய்விடும். சரிபார்ப்பது சுலபம். மெதுவாக வாசித்துப் பாருங்கள்; இடது கையின் ஜி-யும் வலது கையின் சி-யும் ஒரே நேரத்தில் விழ வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. முந்தைய சுரமே சி-யாக இருந்து, அங்கிருந்து பி-க்கு வளைகோடு போட்டு இணைத்திருந்தால், சி-யைத் திரும்பத் தட்ட வேண்டாம். அதையே சற்று நீட்டிப் பிடித்து, பி-யிலிருந்து தொடரலாம். உரசல் ஏற்கெனவே வந்துவிட்டதே!

பிறகு பியானோ வந்தது. விரல் அழுத்தத்திலேயே சுரத்தை உயர்த்திச் சொல்ல முடிந்தது. 1828-ல் ஹும்மல் தன் பியானோ பாடநூலில் எழுதிய சுரத்திலேயே தொடங்கச் சொன்னார். இன்றைய விரல்களுக்குப் பழகியது அந்த வழக்கம்தான். பாக்கை வாசிக்கும்போது மட்டும் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.