செலவு போக மீதிக்குத்தான் வரி



நம் இதழுக்குப் படம் வரையும் நண்பர் ஒருவர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. “இந்த வருஷம் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரீஃபண்ட் வரும் சார்” என்றார். அவர் போட்டுவைத்திருந்த கணக்கை வாங்கிப் பார்த்தேன். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

2025-26 நிதியாண்டில் நம்மைப் போன்ற பல இதழ்களிடமிருந்து அவருக்கு வந்தது 13,60,000 ரூபாய். கொடுத்தவர்கள் எல்லோருமே 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆக, 1,36,000 ரூபாய் பிடித்தம். புதிய வரிமுறைப்படி 13,60,000-க்கு வரி, செஸ் சேர்த்து, 87,360 ரூபாய். மீதி 48,640 திரும்பி வரும். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை.

“செலவு எங்கே?” என்று கேட்டேன். “புதிய முறையில்தான் கழிவே கிடையாதே” என்றார்.

இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. புதிய முறையில் போனவை ஆயுள் காப்பீடு, பி.பி.எஃப். போன்றவற்றுக்கான சலுகைகள். தொழில் செலவு சலுகையே அல்ல. சொந்தத் தொழில் செய்பவருக்குச் செலவு போக நிற்பதுதான் வருமானம். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு இவர்களுக்கு இல்லை என்பதால், செலவுக் கணக்கு இன்னும் முக்கியம்.

இருவரும் உட்கார்ந்து எழுதினோம். வாடகை மாதம் 15,000. மூன்று அறைகளில் ஒன்றில் வரைகிறார், எனவே மூன்றில் ஒரு பங்கு: ஆண்டுக்கு 60,000. வண்ணம் தீட்டித் தரும் உதவியாளருக்கு மாதம் 5,000 வீதம் 60,000. வரைகலை மென்பொருள் சந்தா 24,000. நவம்பரில் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் மடிக்கணினியை மட்டும் முழுதாகக் கழிக்க முடியாது. கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டில் அதில் பாதி. ஆக 20,000. மூக்குக்கண்ணாடியையும் சேர்க்கப் பார்த்தார். அது சொந்தச் செலவு, விட்டுவிட்டோம்.

மொத்தம் 1,64,000. மீதி வருமானம் 11,96,000. 12 லட்சத்தைத் தாண்டாததால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிடித்த 1,36,000 முழுதும் திரும்ப வேண்டும். நவம்பரில் வாங்கியதை ஜூலையிலேயே வாங்கியிருந்தால் இன்னும் 20,000 கழிந்திருக்கும். இந்த ஆண்டு அதனால் பயன் எதுவும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நல்லவேளை, உதவியாளருக்கும் வீட்டுக்காரருக்கும் வங்கி வழியாகவே பணம் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வரித்துறை ஏற்காது. அவர் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் ஐ.டி.ஆர். 3. ‘இதர வருமானம்’ என்று எளிய படிவத்தில் காட்டினால் இந்தச் செலவுகளுக்கு அங்கே இடமில்லை.

நமக்கு எழுதுவோரும் வரைவோரும் பிடித்தச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால், கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்