கோடையில் விரியுது... மழையில் மூடுது! தி.நகர் வீட்டுச் சுவர் விரிசலுக்கு காரணம் மரமா, மண்ணா?

சென்னை, தி.நகர், மாம்பலம் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "மே மாசம் சுவர்ல விரல் நுழையுற அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி மழை விழுந்ததும் தானா மூடிக்குது. பூசினா அடுத்த வருஷம் மறுபடியும் வருது!"

இதில் மாயமந்திரம் இல்லை. தி.நகரே ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியை வற்ற வைத்து, மேடாக்கித்தான் இந்த ஊரே உருவானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு என்ற பெயர் இருக்கிறதே, அந்த ஏரியின் ஞாபகம்தான். ஏரிப் படுகை என்றால் பல இடங்களில் களிமண். அடையாறிலும் ஆங்காங்கே இதே மண்தான். மயிலாப்பூரில் கடலோரம் மணல் என்பதால் அங்கே இந்த தொல்லை இல்லை.

களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெயிலில் மேல் மண் காய்வதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. பக்கத்தில் ஒரு மரம் நின்றால், வேர் இன்னும் ஆழத்தில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சி விடுகிறது.

எப்படி கண்டுபிடிப்பது?

உதாரணமாக ஒரு மாடி வீடு, கடைக்கால் ஆழம் 4 அடி. கிழக்கு மூலையில் இருந்து 12 அடியில் வேப்ப மரம். கோடையில் அந்த மூலைக்கு அடியில் மட்டும் மண் சுருங்குகிறது. வீட்டின் மற்ற பக்கம் அப்படியே நிற்க, மூலை மட்டும் கீழே இறங்குகிறது. அப்போது ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக வெடிப்பு போகும். மேலே அகலமாகவும், கீழே மெல்லிசாகவும் இருக்கும். கதவும் சரியாக சாத்தாது.

வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, மாதம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். டிசம்பரில் குறைந்து, மே-ஜூனில் கூடினால் மண்தான் குற்றவாளி. மழையிலும் விரிந்துகொண்டே போனால் சாக்கடைக் குழாய் ஒழுகுவது போல வேறு காரணம் தேட வேண்டும். ஓராண்டு அளக்காமல் சிமெண்ட் அடைப்பது காசை கரைப்பதுதான். மூடவேண்டிய வெடிப்பில் சிமெண்ட் நின்றால் சுவர் பக்கத்திலேயே வேறு இடத்தில் வெடிக்கும்.

புதிதாக கட்டுவோர்?

4 அடி, 5 அடி கடைக்கால் இந்த மண்ணில் காயும் அடுக்கிலேயே நிற்கிறது. இதற்காகவே அடியில் குமிழ் போல விரிந்த பைல் போடும் முறை உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இதை இந்தியாவில் பரப்பியது. உப்பி சுருங்கும் மண் ஆழமாக இருந்தால் பைல் குறைந்தது மூன்றரை மீட்டர், அதாவது சுமார் பதினொன்றரை அடி இறங்க வேண்டும் என்கிறது இந்திய தர விதி. செலவு கூடத்தான் செய்யும்.

சரி, மரத்தை வெட்டிவிட்டால்? அவசரப்படக் கூடாது. காய்ந்து கிடந்த களிமண் பிறகு மெல்ல ஈரம் ஏறி உப்பும். சில சமயம் இதற்கு வருஷக்கணக்கில் ஆகும். மரம் வளர்ந்த பிறகு கட்டிய வீடு என்றால், இறங்கிய மூலைக்கு பதிலாக தரையே மேலே தூக்கிக் கொள்ளும். கிளைகளைக் கழித்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதே இப்போதைக்கு ஆபத்தில்லாத வழி. அதுவும் இலை திரும்பத் தழைத்ததும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.