எழுத்துக் கணக்கு இருக்கட்டும், முதலில் சொற்பட்டியல்

லின்சம், சுவா பெத்தோங் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பழைய பதிவுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன. அப்படியொரு தோட்டத்தின் 200 பக்கப் பதிவு உங்கள் பள்ளி வரலாற்றுக் கழகத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழாக்க விரும்புகிறீர்கள். எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

பலரும் முதலில் பார்ப்பது மாதத்துக்கு எத்தனை எழுத்து இலவசம் என்பதைத்தான். கூகுள் கிளவுட் மொழிபெயர்ப்புச் சேவையில் மாதம் 5 லட்சம் எழுத்து இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சம் எழுத்துக்கும் 20 அமெரிக்க டாலர். ஒரு பக்கத்தில் இடைவெளிகளையும் சேர்த்து 2,500 எழுத்து என்றால், 200 பக்கத்துக்குச் சரியாக 5 லட்சம். நம் நூல் ஒரே மாத இலவச அளவில் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒரே ஒரு முறைதான் அடங்கும். மொழிபெயர்ப்பு சரியில்லை என்று மறுபடியும் ஓட்டினால், அந்த 5 லட்சமும் புதிதாகக் கணக்கில் ஏறும். பிழையான மொழிபெயர்ப்புக்குக் கழிவு கிடையாது.

இன்னொரு தடை கோப்பின் அளவு. கூகுள் மொழிபெயர்ப்பு இணையப் பக்கம் 10 எம்.பி.க்கு மேற்பட்ட ஆவணத்தை ஏற்காது. ஸ்கேன் செய்த ஒரு பக்கம் அரை எம்.பி. இருந்தால், 20 பக்கத்திலேயே அந்த வரம்பு வந்துவிடும். அதே 200 பக்கத்தை எழுத்துணரி மென்பொருளால் வெறும் எழுத்தாக மாற்றினால், முழு நூலும் ஏறத்தாழ அரை எம்.பி.தான். படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் பதிவாகிறது. எழுத்துக் கோப்பில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எனவே, அளவு வரம்புக்காகப் பணம் கட்டத் தேவையே இல்லை.

தமிழிலிருந்து மலாய்க்கு மாற்றும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ‘தோட்டம்’ என்பதில் நமக்கு நான்கு எழுத்து. கருவிக்கோ ஏழு. உயிர்க்குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுவதே காரணம்.

இனி, என் கருத்துக்கு வருகிறேன். திட்டங்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது சொற்பட்டியல் வசதி இருக்கிறதா என்பதைத்தான். ‘இந்தச் சொல்லுக்கு இதையே போடு’ என்று நாம் கொடுக்கும் பட்டியல் அது. அது இல்லாவிட்டால், ‘எஸ்டேட்’ என்பது ‘சொத்து’ ஆகலாம். தொழிலாளர் குடியிருப்பைக் குறிக்கும் ‘லைன்ஸ்’ என்பது ‘கோடுகள்’ ஆகலாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘மஸ்டர்’, நம் தாத்தா பாட்டி சொல்லும் ‘பெரட்டு’ ஆகவே ஆகாது. அப்படி வந்த நூலில் இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் தோட்டம் இருக்காது.

பட்டியல் இப்படி ஒரு சாதாரணக் கோப்புதான்:

```
estate,தோட்டம்
labour lines,லயம்
muster,பெரட்டு
cup lump,கட்டிப்பால்
```

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். `lines` என்று மட்டும் போட்டிருந்தால், ‘மர வரிசைகள்’ என்று வரவேண்டிய இடத்திலும் ‘லயம்’ வந்து உட்காரும். பல பொருள் தரும் சொல்லைத் தனியாகப் போடாமல் தொடராகப் போட வேண்டும். முதல் வரியிலும் இதே ஆபத்து உண்டு. பதிவில் யாராவது இறந்து, அவர் சொத்தைப் பற்றி எழுதியிருந்தால், அதுவும் ‘தோட்டம்’ ஆகிவிடும்.

பட்டியலுக்குத் தமிழ் வேற்றுமை தெரியாது என்பது இன்னொரு குறை. ‘தோட்டத்தில்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தோட்டம் இல்’ என்றோ வெறும் ‘தோட்டம்’ என்றோ நிற்கக்கூடும். மொழிபெயர்ப்பில் ‘தோட்டம்’ என்று தேடி, வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் படித்தால் இது பிடிபடும். திருத்துவது கைவேலைதான்.

எனவே, முதலில் 10 பக்கத்தை மட்டும் ஓட்டுங்கள். செலவு 25,000 எழுத்து. தவறிய சொற்களைக் குறித்துக்கொண்டு, பால் வெட்டிய பாட்டியிடமோ கிராணியாக இருந்த தாத்தாவிடமோ கேட்டுப் பட்டியலை நிரப்புங்கள். அதே 10 பக்கத்தை மறுபடி ஓட்டிச் சரிபாருங்கள். பிறகு மீதி 190 பக்கம். மொத்தம் 5 லட்சத்து 25 ஆயிரம். கடைசி 10 பக்கத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் ஒரு காசும் செலவில்லை.

எழுத்து தீர்ந்தால் அடுத்த மாதம் புதிதாக வந்துவிடும். ‘பெரட்டு’ என்றால் என்ன என்று சொல்லத் தெரிந்தவர்கள் அப்படி வருவதில்லை. அந்தப் பட்டியலை எந்த நிறுவனமும் விற்பதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.