பெயர் இருக்கிறது, கோட்டைக் காணவில்லை

சென்ற கோடையில் ஒரு நாள் காலை என் தந்தையாருக்கு நெஞ்சில் அழுத்தம் ஏற்பட்டது. புதிதாக எடுத்த இ.சி.ஜி.யில் ஒரு மாறுதல் தெரிந்தது. அது அன்றைக்கு வந்ததா, நெடுநாளாக இருப்பதா என்று அறிய, மூன்றாண்டுகளுக்கு முன் எடுத்த தாளை மருத்துவர் கேட்டார். வீட்டுக்கு விரைந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த தாளைக் கொண்டுவந்தேன். பேனாவால் எழுதிய பெயரும் தேதியும் அப்படியே இருந்தன. இதயத் துடிப்பைக் காட்டும் கோடு மட்டும் மறைந்துபோயிருந்தது. மாறுதல் புதியது என்றே கருதி அவரை அனுமதித்தார்கள். மாரடைப்பு இல்லை என்பது மறுபடி மறுபடி எடுத்த இரத்தப் பரிசோதனைகளுக்குப் பின், இரவில்தான் உறுதியாயிற்று.

தாளை நாங்கள் அலட்சியமாக வைக்கவில்லை. நாங்கள் பத்திரம் என்று நினைத்த முறைதான் அதை அழித்தது.

இ.சி.ஜி. தாளும், மருந்துக் கடை ரசீதும், பல ஒட்டுச்சீட்டுகளும் தெர்மல் தாளில் அச்சாகின்றன. இந்த அச்சில் மையே கிடையாது. நிறமற்ற ஒரு சாயமும் அமிலத் தன்மையுள்ள ஒரு பொருளும் தாளின் மேற்பூச்சில் தனித்தனித் துகள்களாக இருக்கின்றன. கருவியின் சூடான முனை தொடும் இடத்தில் அவை உருகிச் சேர்கின்றன, சாயம் கறுக்கிறது. அந்தச் சேர்க்கை நிலையானதன்று. வெயில் கறுத்த சாயத்தைச் சிதைக்கிறது. மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் நெகிழ்வுக்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, சாயத்தையும் அமிலப் பொருளையும் பிரித்துவிடுகிறது. சாயம் மீண்டும் நிறமற்றதாகிறது. ஒட்டும் டேப்பின் பசையும் கையில் உள்ள எண்ணெயும் இவ்வாறே கெடுக்கக்கூடும்.

சூடு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஏறத்தாழ 65 பாகை செல்சியசைத் தாண்டினால் வெற்றிடமும் கறுக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்த ரசீது சாம்பல் நிறமாவது இதனால்தான். லேமினேஷன் செய்யக் கொடுத்தால் தாள் முழுதும் கறுத்துவிடும். சானிடைசர் ஈரம் காயாத கையால் தொட்டாலும் கறை படியும்.

இத்தாளை 25 பாகைக்குக் குறைவான வெப்பத்தில், 65 விழுக்காட்டுக்குக் குறைவான ஈரப்பதத்தில் வைக்குமாறு தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். காரைக்கால் போன்ற கடலோர ஊரில், குளிர்சாதன வசதி இல்லாத வீட்டில், அது ஆண்டின் பெரும்பகுதிக்கு இயலாத காரியம். ஆகவே "கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை மட்டும் நமக்குப் போதாது என்பது என் கருத்து. தெர்மல் தாளை ஆவணமாகக் கருதாமல், அன்றே படியெடுக்க வேண்டிய குறிப்பாகக் கருதவேண்டும். இந்தப் பொறுப்பு நோயாளிக்கு மட்டும் உரியதன்று. இ.சி.ஜி. எடுத்துத் தரும் இடமே, சாதாரணத் தாளில் ஒரு நகலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அந்த ஒரு பக்கத்தின் செலவு, அன்று எங்களுக்கு ஆன பரிசோதனைச் செலவுக்கு முன் மிகச் சிறியது.

அந்த வழக்கம் வரும்வரை நாமே செய்யலாம். தாளின் ஓரத்தில், எழுத்தில்லாத இடத்தில், நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். உராய்வின் சூட்டில் கருங்கோடு விழுந்தால் அது தெர்மல் தாள். அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். இ.சி.ஜி.யைச் சுருக்காமல், முழு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் வழக்கமாக ஒரு வினாடி 25 மில்லிமீட்டர் நீளமாகப் பதிவாகிறது. மருத்துவர் சிறு கட்டங்களை எண்ணியே நேரத்தைக் கணிக்கிறார். வெளிர்சிவப்பான அக்கட்டங்கள் கறுப்பு வெள்ளை நகலில் விழாமல் போவதுண்டு. விழவில்லை என்றால் வண்ண நகல் எடுப்பது நல்லது. நிழல் விழாமல், தாள் முழுதும் தெரியும்படி கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து, அதை வீட்டில் மற்றொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மருந்து ரசீதுக்கும் இதையே செய்யலாம். ஆனால் காப்பீட்டுக்கும் செலவுத் தொகை திரும்பப் பெறுவதற்கும் மூல ரசீதைக் கேட்பார்கள். ஆகவே அதை எறிந்துவிடாமல் நகலோடு சேர்த்து, காகித உறையில், வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வைத்து, நாள் கடத்தாமல் விண்ணப்பித்துவிடுங்கள். டேப்பால் ஒட்டவேண்டாம், அச்சில்லாத ஓரத்தில் பின் குத்தினால் போதும்.

தந்தையாரின் புதிய இ.சி.ஜி.யை அன்று மருத்துவமனை வாசலிலேயே வண்ண நகல் எடுத்தோம். அடுத்த முறை மருத்துவர் பழைய தாளைக் கேட்டபோது, கோடும் கட்டமும் தெளிவாகத் தெரிந்த அந்த நகலையே எடுத்துக் கொடுத்தேன்.