பிரம்பை வைத்துவிட்டால் கையில் எஞ்சுவது என்ன?

“அடியாத மாடு படியாது” என்ற பழமொழி மாட்டுக்கென எழுந்ததாயினும், எம்மவர் அதனைப் பிள்ளை வளர்ப்புக்கும் பொருத்திக் கொண்டனர். நாம் தஞ்சம் புகுந்துள்ள நாடுகள் பலவற்றில் இன்று சட்டம் வேறு வழியில் நிற்கின்றது. பெற்றோர் பிள்ளையை அடிப்பதை உலகிலேயே முதன்முதலாகச் சுவீடன் 1979 ஆம் ஆண்டில் தடைசெய்தது. 1987 இல் நோர்வேயும், 2000 இல் ஜேர்மனியும், 2019 இல் பிரான்ஸும் அவ்வழியைப் பின்பற்றின.

இச் சட்டம் பிள்ளைகளைப் பறித்துச் செல்வதற்கெனவே இயற்றப்பட்டது என்ற அச்சம் எம்மிடையே உண்டு. சுவீடனில் நடந்ததை நோக்கின், அச்சட்டத்தின் நோக்கம் தெளிவாகும். பெற்றோர் பற்றிய சட்டக் கோவையிலேயே அவ்விதி சேர்க்கப்பட்டது. அதற்கெனத் தனித் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. சட்டத்தை விளக்கும் கைந்நூல் வீடுகள்தோறும் அனுப்பப்பட்டதோடு, காலை உணவு மேசைக்கு வரும் பால் பெட்டிகளிலும் செய்தி அச்சிடப்பட்டது. தண்டிப்பதை விடப் பெற்றோரின் மனப்பாங்கை மாற்றுவதே அங்கு முதன்மை பெற்றது. எனினும் கடுமையாகத் தாக்குவது குற்றவியற் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதையும் மறத்தலாகாது.

“அப்படியாயின் பிள்ளை தவறு செய்யும்போது நாம் என்ன செய்வது?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கனடிய உளவியலாளர் ஜோன் டூரான்ட் 2007 இல் “சிறுவரைக் காப்போம்” அமைப்பின் சுவீடன் கிளைக்காக எழுதிய நூல் இதற்கு நான்கு அடிப்படைகளைக் கூறுகின்றது. பிள்ளை வளர்ந்து எத்தகைய மனிதராக வேண்டும் என்ற நெடுநாள் இலக்கைத் தீர்மானித்தல் முதலாவது. அன்பையும் வழிகாட்டலையும் ஒருங்கே அளித்தல் இரண்டாவது. அந்தந்த வயதில் பிள்ளை எவ்வாறு சிந்திக்கின்றது, உணர்கின்றது என அறிதல் மூன்றாவது. சிக்கலைப் பிள்ளையுடன் சேர்ந்து தீர்த்தல் நான்காவது.

எமது வீடுகளில் நிகழக்கூடிய ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். ஒன்பது வயதுச் சிறுவன் மூன்று வாரங்களாக வீட்டுப்பாடம் செய்யவில்லை. ஆசிரியை கடிதம் அனுப்புகின்றார். பெற்றோருக்கு அந்நாட்டு மொழி தெரியாது. வீட்டின் மொழிபெயர்ப்பாளன் அச்சிறுவனே. “சுற்றுலா பற்றிய கடிதம்” என்று கூறி மடித்து வைத்துவிடுகின்றான். பாடசாலைக் கூட்டத்தில் உண்மை வெளிப்படுகின்றது. தகப்பனின் கை ஓங்குகின்றது.

அடித்தால் அன்றிரவு வீடு அமைதியாகும். ஆனால் பிள்ளை கற்பது, அடுத்த கடிதத்தை இன்னும் திறமையாக மறைக்க வேண்டும் என்பதையே. பெற்றோர் விரும்புவதோ உண்மை பேசும் மகனை. ஆகவே முதலில் கோபம் தணியும்வரை பேச்சைத் தள்ளிவைத்தல் நன்று. பின்னர், “கடிதத்தில் இருந்ததை மாற்றிச் சொன்னாய். அது எமக்கு வேதனை தந்தது. ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது?” என்று கேட்கலாம். கணக்கின் மொழி விளங்கவில்லை, கேட்கவும் வீட்டில் எவருமில்லை, சொன்னால் அடி விழும் என்று பயந்தான் என்பது அப்போது தெரியவரலாம். சோம்பல் என எண்ணியது உண்மையில் உதவியின்மையாகவும் அச்சமாகவும் இருந்திருக்கின்றது.

தவறை இத்துடன் விட்டுவிடுவதும் முறையன்று. ஆசிரியையிடம் உண்மையைச் சொல்ல அவனே தகப்பனுடன் செல்ல வேண்டும். விடுபட்ட பாடங்களை நாளொன்றுக்குச் சிறிதளவாக எழுதி முடிக்க வேண்டும். பெற்றோருக்கும் பங்குண்டு: பாடசாலைக் கடிதங்களைப் பெரியவர் ஒருவரைக் கொண்டே வாசிப்பித்தல், வீட்டுப்பாட உதவி கிடைக்குமா எனப் பாடசாலையில் விசாரித்தல். ஒரு பிள்ளை தன் குற்றத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலையை நீக்குவதும் சிக்கலைத் தீர்ப்பதன் பகுதியே.

இம்முறை தவறிப்போகும் இடங்களும் உள. பிரம்பைக் கைவிட்டுவிட்டு, நாட்கணக்காகப் பேசாதிருத்தலும் உறவினர் முன்னிலையில் இழிவுபடுத்தலும் தண்டனையின் மறுவடிவங்களேயாம். ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் குழு 2006 இல் வெளியிட்ட எட்டாவது பொதுக் கருத்துரை இழிவுபடுத்தலையும் கண்டிக்கின்றது. அதே கருத்துரை, வீதியில் ஓடும் குழந்தையைக் காப்பாற்றப் பற்றி இழுப்பதைத் தண்டனையெனக் கொள்ளவில்லை. காக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றல்ல என்று வேறுபடுத்துகின்றது. மறுபுறம், எதையும் கண்டுகொள்ளாதிருத்தலும் இம்முறை ஆகாது. வழிகாட்டல் அற்ற அன்பு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

பலன் ஒரே வாரத்தில் தெரியாது. சிறுவன் மீண்டும் ஒருமுறை வீட்டுப்பாடத்தைத் தவறவிடக்கூடும். வழி சரியானதா என்பதை அறிய அவனது மதிப்பெண்களை மட்டும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கடிதத்தை அவன் தானாகவே கொண்டுவந்து மேசையில் வைக்கின்றானா என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.