கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் 180 ரூபாய்

தூத்துக்குடியில் மக்ரூன், கருவாடு, கருப்பட்டி விற்கும் சிறு வியாபாரிகளுக்கு ஆன்லைன் விற்பனை சொல்லித்தர ஒருவர் வந்திருந்தார். நானும் எங்கள் குடும்பத்தின் மக்ரூன் கடைக்காகப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பொருளின் விலையை மட்டும் முன்னால் காட்டுங்கள். பேக்கிங், கையாளும் கட்டணம், டெலிவரி எல்லாம் பணம் கட்டும் பக்கத்தில் வரட்டும். முகவரி, போன் நம்பர் எல்லாம் தட்டி முடித்தவர் அதற்குமேல் திரும்பிப் போகமாட்டார். முழு விலையையும் முன்னால் காட்டினால் பக்கத்துக் கடைதான் மலிவாகத் தெரியும். போதாததற்கு, "இது முத்து வியாபாரம் பார்த்த ஊர், துணிந்து ஆடுங்கள்" என்றார்.

கூட்டத்தில் பலரும் குறிப்பெடுத்தார்கள். அவர்கள் அந்தக் குறிப்பைக் கிழித்துப்போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் முத்து. இந்தக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அப்போது சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதைதானா என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு என்பது ஏலத்திலேயே எல்லோர் காதிலும் விழுந்துவிடும். கடல் ஒளித்து வைத்ததை வைத்துத்தான் அந்த வியாபாரி துணிந்தார். விற்கிறவருக்கு முழுக்கத் தெரிந்த ஒரு தொகையை வாங்குகிறவரிடமிருந்து மறைப்பதற்கு அந்தத் துணிச்சலை உவமை சொல்வது, இந்த ஊரின் வியாபாரத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் பேசுவது.

அவருடைய வாதத்தில் வலுவான ஓரிடம் இருக்கிறது. அதை மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்பனைத் தளம் 2015-இல் செய்த ஒரு சோதனையை அவர் சான்றாகச் சொன்னார். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கட்டணத்தோடு சேர்ந்த விலை முதலிலேயே தெரிந்தது, மற்றவர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கடைசியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதலாகச் செலவு செய்தார்கள். வாங்கி முடித்தவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம், ஏறத்தாழ 14 சதவீதம். ஆகவே கட்டணத்தை மறைத்தால் உடனே விற்பனை விழும் என்று நான் சொல்லப்போவதில்லை. இணையக் கடைகளில் பாதியில் விட்டுப் போகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் சொல்லும் காரணம் கூடுதல் கட்டணம்தான். ஆனால் அப்படி விட்டுப் போகிறவர்களைவிடச் சிக்கிக்கொள்கிறவர்கள் அதிகமாக இருக்கவும் முடியும் என்று அந்தச் சோதனை காட்டியது.

இத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். அந்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கட்டணம் தெரியாதவர்கள் விலை கூடிய இருக்கைகளையே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது அவர்கள் தங்கள் கைக்கு மீறியதைத் தெரியாமல் எடுத்தார்கள். அந்த 21 சதவீதம் வாடிக்கையாளரின் தவறான கணக்கிலிருந்து வந்த பணம். அதனால்தான் அதே அமெரிக்காவில், அதே டிக்கெட் வியாபாரத்தில், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சோதனையைச் சொல்லி, அதே தொழிலில் வந்த தடையைச் சொல்லாமல் விட்டது நேர்மையான பாடம் அல்ல.

தவிர, ஒரு கச்சேரி டிக்கெட்டை வாசலில் வைத்து யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை. மக்ரூனைத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் கடையில் முதல் ஆண்டு இவர் சொன்ன வழியில்தான் விற்றோம். பொருள் கையில் வரும்போது பணம் கொடுக்கலாம் என்ற வசதியும் இருந்தது. ஆர்டர் போட்டபின் ஆற அமரக் கூட்டிப் பார்த்தவர்கள், கூரியர்காரர் வந்து நின்றபோது கதவைத் திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. போக ஒரு கூலி, வர ஒரு கூலி எங்கள் தலையில் விழுந்தது. திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் முந்திரித் தூளும் சர்க்கரைத் தூளும்தான் இருந்தன. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்கிற பண்டம் இரண்டு முறை லாரி ஏறி இறங்கினால் வேறென்ன ஆகும்? அந்த விற்பனையும் அவருடைய கணக்கில் வெற்றிதான். ஆர்டர் விழுந்துவிட்டதல்லவா!

அவர் சொன்ன மூன்றாவது காரணம்தான் கேட்பவர்களை மயக்கியது. ஊருக்கு ஊர் கூலி மாறும், பெட்டிக்குப் பெட்டி மாறும், அதை எப்படி முன்கூட்டிச் சொல்ல முடியும் என்றார். முடியும். எப்படி என்று ஒரு பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார். வருவது கன அளவு எடை. இதுவா, தராசு காட்டும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கூலி. மக்ரூன் காற்றுப்போல இருக்கும், அடைக்கும் இடமோ பெரிது. அரைக் கிலோ மக்ரூனை டப்பாவில் அடுக்கி, நொறுங்காமல் சுற்றிலும் அடைத்து, 25 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் பெருக்கல் 7500. ஐயாயிரத்தால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. தராசில் முக்கால் கிலோகூட எட்டாத பெட்டிக்கு ஒன்றரைக் கிலோவுக்கான கூலி. கருவாட்டுக்கு இது நேர்மாறு. ஒரு கிலோ நெத்திலியைக் காற்றெடுத்த பையில் அமுக்கி 20, 15, 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 600 கிராம்தான். அங்கே தராசு எடையே கணக்கு.

அட்டைப்பெட்டிகளை நாம்தான் மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறோம், மூன்று நான்கு அளவுகளுக்கு மேல் யாரிடமும் இல்லை. கூரியர்காரர் தரும் கட்டண அட்டையிலும் உள்ளூர், மாநிலத்துக்குள், வெளிமாநிலம் என்று சில வட்டங்கள்தான். மூன்று பெட்டியை நான்கு வட்டத்தால் பெருக்கினால் பன்னிரண்டு தொகைகள். பொருளின் படத்துக்குக் கீழேயே பின்கோடு தட்ட ஓர் இடம் வைத்தால், ஆறு இலக்கமும் விழுந்த நொடியில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று வந்து நிற்கும். பன்னிரண்டு எண்களை எழுதிவைக்க முடியாது என்பதைக் காரணமென்று எந்த வியாபாரி ஏற்றுக்கொள்வார்?

இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ 450 ரூபாய் என்று பார்க்கிறார். கடைசிப் பக்கத்தில் பேக்கிங் 40, கையாளும் கட்டணம் 20, டெலிவரி 120 ஏறி 630 ஆகிறது. 450 என்று நினைத்து வந்தவருக்கு 180 கூடுதல், நூற்றுக்கு நாற்பது. இதையே முதலில் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? இரண்டு டப்பாவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பெட்டியின் உயரம் 24 போதும். பெருக்கி வகுத்தால் 2.4, அரைக் கிலோக் கணக்கில் மேலேற்றினால் இரண்டரைக் கிலோ. பொருள் இரு மடங்கானாலும் கூலி இரு மடங்காகவில்லை. ஒரு டப்பாவுக்கு 120 என்றால் இரண்டுக்கும் சேர்த்து 180 அல்லது அதை ஒட்டி வரும். "ஒன்று வாங்கினால் டெலிவரி 120, இரண்டுக்கு 180" என்று படத்துக்குக் கீழே பார்க்கிறவர், அக்கா வீட்டுக்கும் சேர்த்து இரண்டாக வாங்குவார், அல்லது ஊருக்கு வரும் யாரிடமாவது சொல்லி விடுவார். இரண்டும் அவர் தெரிந்து எடுத்த முடிவு. கடைசிப் பக்கத்தில் இதே எண்ணைப் பார்க்கிறவருக்கு மாற்றி யோசிக்க இடமே இல்லை. ஏமாந்தோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சுகிறது.

எல்லாவற்றையும் விலைக்குள் போட்டு "டெலிவரி இலவசம்" என்று எழுதுவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. அப்படிச் செய்தால் திருநெல்வேலிக்காரர் டெல்லிக்காரரின் கூலியைச் சுமக்கிறார். தூரத்தால் மாறுவதைத் தனியாக, முன்னால் காட்ட வேண்டும். யாராக இருந்தாலும் கட்டியே தீர வேண்டியது விலைக்குள் இருக்க வேண்டும். பேக்கிங் 40 அப்படிப்பட்டது. பெட்டியில்லாமல் மக்ரூன் அனுப்ப முடியுமா? முடியாதென்றால் பெட்டியின் விலையும் மக்ரூனின் விலைதான். கையாளும் கட்டணம் 20 என்பது நம் கடையில் நம் ஆள் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அதைத் தனி வரியாகப் போடுவதற்கு, முன்னால் காட்டும் எண்ணைக் குறைப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எங்கள் பக்கத்தில் இப்போது 510 என்று இருக்கிறது, அதன் கீழே பின்கோடு.

பக்கத்துக் கடை 450 என்று காட்டுமே என்பார். காட்டும். இந்தியாவில் அப்படிக் காட்டுவது விதிமீறல் என்பதை அவர் சொல்லவே இல்லை, எனக்கு அவர்மேல் அதிகக் கோபம் வந்தது அங்கேதான். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே எண்ணாகவும், டெலிவரி, கையாளுதல், வரி என்று அதன் பிரிவுகளையும் காட்டச் சொல்கின்றன. முன்கூட்டியே டிக் அடித்த பெட்டிகளை வைத்துச் சம்மதம் வாங்குவதையும் தடுக்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குகிறவரைச் சிக்கவைக்கும் 13 உத்திகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளிப்படுத்துவது அவற்றில் ஒன்று. அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வழியும் அதுதான்.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒரு கண்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர், மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்புவார். சேர்த்தனுப்பும் இடைத்தரகர்களில் சிலர் கப்பல் கூலியைப் பூஜ்யத்துக்குப் பக்கமாகச் சொல்லிச் சரக்கைப் பிடிப்பதுண்டு. சரக்கு இறங்கியபின் டெலிவரி ஆர்டருக்கு இவ்வளவு, பிரித்திறக்க இவ்வளவு, ஆவணத்துக்கு இவ்வளவு என்று இங்கே இறக்குமதி செய்தவரிடம் நீட்டுவார்கள். சரக்கு கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறுவதால் அவரால் சண்டை போடவும் முடியாது. கட்டிவிட்டு எடுப்பார். அடுத்த தடவை சரக்கு அனுப்புகிறவரிடம், எல்லாக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்காமல் அந்தத் தரகர் வழியாக அனுப்பாதே என்பார். அன்று அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்தவர்களில் இரண்டு மூன்று பேர் இப்படிக் கட்டி எடுத்தவர்கள், எனக்குத் தெரியும். தங்களுக்குச் செய்யப்பட்டதையே திருச்சியிலும் ஓசூரிலும் இருக்கும் வாடிக்கையாளருக்குச் செய்யும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு போனார்.

மீண்டும் வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் அந்த 13 உத்திகளின் பட்டியலையும், நுகர்வோர் புகார் சொல்ல அழைக்கும் 1915 என்ற எண்ணையும் கரும்பலகையில் அவரே முதலில் எழுதட்டும். அதன்பின் தம் வழியைச் சொல்லட்டும். அதைக் கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.